9.8 முதலா, 7.8 முதலா? பட்ச் போடும் வரிசை எப்படி முடிவாகிறது

ஒரு சின்ன அலுவலகத்தில் பாதுகாப்பு ஸ்கேனர் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து கணினியும் ஒரு சேர்வரும் இருக்கிற இடத்திலேயே அறிக்கை பக்கம் பக்கமாக வரும், எல்லா வரியிலும் மென்பொருளில் உள்ள ஒரு பாதுகாப்பு ஓட்டை, அதற்கு ஒரு எண், பாதி சிவப்பு நிறத்தில். அதை முதலாளியிடம் காட்டினால் அவர் சொல்லப்போவது ஒன்றுதான்: "தம்பி, பெரிய நம்பரில இருந்து ஒண்டொண்டா செய்துகொண்டு வாரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் இப்படியான அலுவலகங்களைப் பார்த்துக்கொடுப்பவர் பெரும்பாலும் ஒரே ஆள், கடை பூட்டிய பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் அவருக்கு வேலை நேரம், அதற்குள் மின்வெட்டு வந்தால் அதுவும் போச்சு. அந்த இரண்டு மணி நேரத்தை எந்த ஓட்டைக்குப் பட்ச் போடுவதில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. அந்த எண் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக உருவாக்கப்படவே இல்லை.

எண்ணின் பெயர் சிவிஎஸ்எஸ், ஒரு ஓட்டை எவ்வளவு தீவிரமானது என்று சொல்கிற மதிப்பெண். ஃபர்ஸ்ட் என்ற பன்னாட்டு அமைப்பு இதைப் பராமரிக்கிறது. 0 முதல் 10 வரை போகும், 7.0 முதல் உயர்வு, 9.0 முதல் அதிதீவிரம். 2023 நவம்பரில் நாலாம் பதிப்பு வந்துவிட்டாலும் நீங்கள் அறிக்கைகளில் பார்ப்பது இன்னும் பெரும்பாலும் 3.1தான், ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதிரி அலுவலகத்தை வைத்துப் பார்ப்போம். கே.கே.எஸ். வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனம், காலம் 2024 யூலை முதல் வாரம். பதினான்கு விண்டோஸ் கணினிகள். கணக்கு மென்பொருள் ஓடுகிற ஒரு விண்டோஸ் இயந்திரம். அந்த மென்பொருள் அப்பாச்சி, பிஎச்பி எல்லாம் சேர்ந்து வருகிற ஸாம்ப் தொகுப்பின் மேல் ஓடுகிறது, உள்ளூர் ஆள் ஒருவர் எழுதிக்கொடுத்தது. வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு உபுண்டு 22.04 சேர்வரில் நிறுவனத்தின் இணையத்தளம். இங்கே பல இடங்களில் இருப்பதைச் சேர்த்து நான் கட்டியது இது, ஆனால் இப்படி ஒன்றைத் தேட அதிக தூரம் போகத் தேவையில்லை. அறிக்கையில் மூன்று வரிகள் கண்ணில் படுகின்றன, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அந்த ஓட்டையின் அடையாளமான சிவிஈ எண்:

```
CVE-2024-4577   AV:N/AC:L/PR:N/UI:N/S:U/C:H/I:H/A:H  9.8
CVE-2024-6387   AV:N/AC:H/PR:N/UI:N/S:U/C:H/I:H/A:H  8.1
CVE-2023-38831  AV:L/AC:L/PR:N/UI:R/S:U/C:H/I:H/A:H  7.8
```

முதலாவது விண்டோஸில் ஓடும் பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் உள்ள ஓட்டை. இரண்டாவது, சேர்வருக்குள் தொலைவில் இருந்து நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச்சில், ஊடகங்களில் ரெக்ரெஷன் என்று பேசப்பட்டது. மூன்றாவது வின்ராரில்.

நடுவில் இருக்கிற எழுத்துத் தொடரைத்தான் வாசிக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி கடைசி எண்ணுக்கு ஓடிவிடுகிறார்கள். கடைசி மூன்று துண்டுகளைப் பாருங்கள்: C, I, A. தகவல் வெளியே போகுமா, மாற்றப்படுமா, இயந்திரம் படுக்குமா என்ற மூன்று கேள்விகள். மூன்று ஓட்டைக்கும் மூன்றிலும் H, அதாவது முழுச் சேதம். சூத்திரத்தில் இந்தப் பகுதி இப்படி வரும்:

```
6.42 × (1 − 0.44 × 0.44 × 0.44) ≈ 5.87
```

மூன்றுக்கும் அதே 5.87. ஆக, 9.8 என்பது 7.8ஐ விடப் பெரிய சேதம் என்று நினைப்பது இந்த மூன்றிலும் பிழை. நடந்துவிட்டால் மூன்றும் ஒரே மாதிரித்தான் அடிக்கும்.

வித்தியாசம் முழுவதும் முதல் நாலு துண்டுகளில் இருந்து வருகிறது: தாக்குபவர் எங்கே இருந்து வரலாம், எவ்வளவு சிக்கல், உள்நுழைவு உரிமை வேண்டுமா, யாராவது ஒருவர் எதையாவது சொடுக்க வேண்டுமா. பிஎச்பி ஓட்டைக்கு நாலும் தாக்குபவருக்கு மிக வசதியான விடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான பெறுமானம் உண்டு, அவற்றைப் பெருக்கினால்:

```
8.22 × 0.85 × 0.77 × 0.85 × 0.85 ≈ 3.89
5.87 + 3.89 = 9.76  →  9.8
```

ரெக்ரெஷனில் AC:H, சிக்கல் அதிகம், அதனால் 0.77 இருந்த இடத்தில் 0.44 வந்து இரண்டாவது பகுதி 2.22 ஆகக் குறைகிறது, மொத்தம் 8.1. வின்ராரில் AV:L, UI:R. அதாவது உள்ளே இருந்து மட்டும், அதோடு பயனர் ஒருவர் கோப்பைத் திறக்கவும் வேண்டும். இரண்டாவது பகுதி 1.83, மொத்தம் 7.8. மேல்நோக்கி ஒரு தசமத்துக்கு உயர்த்துவதால் 7.71 கூட 7.8தான்.

இந்த 0.77, 0.44, 8.22 எல்லாம் எங்கே இருந்து வந்தன? யாரும் உலகத்தில் நடந்த தாக்குதல்களை எண்ணி அளந்து எடுத்தவை அல்ல. நிபுணர் குழு ஒன்று இருந்து, எந்த வகை ஓட்டை எந்த வகையை விட மோசம் என்று தங்களுக்குள் முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பொருந்துகிற மாதிரி எண்களை அமைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் இதையே குறையாக எழுதினார்கள்: சூத்திரத்துக்கு விளக்கம் இல்லை, இது தீவிரத்தைச் சொல்கிறது, ஆபத்தைச் சொல்லவில்லை என்று. ஃபர்ஸ்டின் சொந்த ஆவணங்களும் அடிப்படை மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன, உங்கள் சூழலுக்கு ஏற்ப அதைத் திருத்துவதற்குத் தனியாகவே ஒரு தொகுதி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதை யார் நிரப்புகிறார்கள் என்று கேட்டால், நான் பார்த்த அலுவலகங்களில் ஒருவரும் இல்லை.

சரி, வின்ராருக்கு வருவோம், ஏனென்றால் பட்டியலில் கடைசியில் இருக்கிற இதுதான் இந்த அலுவலகத்துக்கு உண்மையான தலையிடி.

இந்த ஓட்டை வேலை செய்யும் விதம் மிகச் சாதாரணம். ஒரு சிப் கோப்பு வரும். உள்ளே `invoice.pdf` மாதிரி ஒரு கோப்பு, கூடவே அதே பெயரில் ஒரு கோப்புறை. வின்ராருக்குள் அந்தப் பிடிஎஃப்பை இரண்டு தரம் சொடுக்கினால், பழைய பதிப்புகள் குழம்பிப்போய், கோப்புறைக்குள் ஒளித்து வைத்த கட்டளைக் கோப்பை ஓடவிடும். கணக்குப் பிரிவில் இருக்கிற அக்காவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் பற்றுச்சீட்டையும் விலைப்பட்டியலையும் சிப் பண்ணி அனுப்புகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சலில் வரும், வாட்ஸ்அப் வெப்பில் வரும், கொழும்பில் இருந்து வரும், சீனாவில் இருந்தும் வரும். திறக்காமல் இருக்க முடியாது, திறப்பதுதான் அவருடைய வேலை.

அப்படியானால் ஏன் AV:L? மின்னஞ்சலில் வருகிற கோப்பு வலையமைப்பு வழியாகத்தானே வருகிறது? சிவிஎஸ்எஸ் விதிப்படி, ஓட்டை உள்ள மென்பொருள் தானே வலையமைப்பில் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வின்ரார் எந்தப் போர்ட்டிலும் காத்திருக்கவில்லை, கணினியில் ஏற்கெனவே இருக்கிற கோப்பைத் திறக்கிறது, ஆகவே உள்ளூர். வகைப்படுத்தல் என்ற அளவில் அது சரி. ஆனால் இதன் விளைவாக, ஏமாற்றி ஒரு கோப்பைத் திறக்கவைக்கிற தாக்குதல் வகை பெரும்பாலும் 7.8 என்ற எண்ணில் வந்து குவிந்துவிடுகிறது. அலுவலக மென்பொருள், பிடிஎஃப் வாசிப்பான், சுருக்கி மென்பொருள் எல்லாம் அதிகமாக இந்த எண்ணிலேயே வரும். "9க்கு மேலே உள்ளதை முதலில் முடி" என்று விதி வைத்த அலுவலகம், தன் ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் வருகிற தாக்குதலை எப்போதுமே இரண்டாவது வரிசையில் வைத்திருக்கும்.

இந்த ஓட்டையைத் தாக்குபவர்கள் 2023 ஏப்ரலில் இருந்தே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், முதலில் இணையத்தில் பங்கு வணிகம் செய்பவர்களைக் குறிவைத்து. ஓகஸ்ட் தொடக்கத்தில் 6.23 பதிப்பில் திருத்தம் வந்தது. வந்து என்ன? வின்ரார் தானாகப் புதுப்பிக்காது. இங்கே கணினி வாங்கினால் கடைக்காரரே விண்டோஸோடு வின்ராரையும் போட்டுத் தருவார், அன்றைக்குப் போட்ட பதிப்பு கணினி பழுதாகும் வரை அப்படியே இருக்கும். நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று வருகிற பெட்டியை வருடக்கணக்காக மூடிக்கொண்டிருக்கிறோம், அதைத் தாண்டி அந்த மென்பொருளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆகவே திருத்தம் வந்து பதினொரு மாதத்துக்குப் பிறகும் பதினான்கு கணினியில் பத்திலாவது பழையது இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்ப்பதற்கு ஒரு வரி பவர்ஷெல் போதும்:

```
(Get-Item "C:\Program Files\WinRAR\WinRAR.exe").VersionInfo.FileVersion
```

இப்போது 9.8க்குப் போவோம். பிஎச்பி ஓட்டையின் கதை வேறு விதமானது. விண்டோஸில் பிஎச்பியை, இணையச் சேர்வர் அதைத் தனி நிரலாகக் கூப்பிடுகிற சிஜிஐ முறையில் ஓட்டும்போது, இணைய முகவரியில் மென்கோடு என்கிற ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்தை அனுப்பினால், சில மொழி அமைப்புகளில் விண்டோஸ் அதைச் சாதாரணக் கோடாக மாற்றிவிடும். அந்தக் கோட்டைக் கட்டளையின் தொடக்கம் என்று பிஎச்பி நம்பிவிடும். தைவானில் உள்ள டெவ்கோர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024 யூன் 6 அளவில் திருத்தம் வந்தது, இரண்டு நாளுக்குள் கப்பம் கேட்கும் மென்பொருள் கும்பல் ஒன்று இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. ஸாம்பின் இயல்பான அமைப்பிலேயே இந்த வழி திறந்து இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு உறைக்க வேண்டிய இடம்.

"சில மொழி அமைப்புகளில்" என்றேன். டெவ்கோர் உறுதிப்படுத்தியவை மூன்று: மரபுச் சீனம், எளிய சீனம், ஜப்பானியம். எங்கள் கணினிகள் எல்லாம் ஆங்கில அமைப்பில் ஓடுகின்றன. அப்படியானால் விட்டுவிடலாமா? மற்ற மொழி அமைப்புகளில் எல்லாச் சூழலையும் சோதித்து முடிக்கவில்லை, பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். ஆக, இந்த அலுவலகத்தில் இது வேலை செய்யும் வாய்ப்பு குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. மதிப்பெண்ணுக்கு இந்தச் செய்தி தெரியாது, தெரிய வழியும் இல்லை. டோக்கியோவில் உள்ள சேர்வருக்கும் சுன்னாகத்தில் உள்ள சேர்வருக்கும் அதே 9.8.

அடுத்த கேள்வி, இந்த இயந்திரத்தை வெளியில் இருந்து யாராவது தொட முடியுமா. கணக்கு மென்பொருள் அலுவலகத்துக்குள்ளே மட்டும் பாவிப்பது, ஆகவே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரவுட்டரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். கணக்கு மென்பொருள் எழுதியவர் வீட்டில் இருந்து பழுது பார்ப்பதற்காக ஒரு போர்ட்டைத் திறந்து இந்த இயந்திரத்துக்கு நேரே விட்டிருப்பார், வேலை முடிந்த பிறகு அதை மூட ஒருவருக்கும் ஞாபகம் வந்திருக்காது. இது மாதிரி அலுவலகம் என்றேன், ஆனால் இந்தத் துண்டை நான் கற்பனை செய்யவில்லை, இதுதான் இங்கே அதிகம் கண்ணில் படுகிற விஷயம்.

போர்ட் மூடியிருந்தால் இந்த 9.8ஐ ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிவைக்கலாம் என்பது என் கணிப்பு. திறந்திருப்பதால் அன்றிரவே. போர்ட்டை மூடுவது இரண்டு நிமிட வேலை. அடுத்தது பட்ச், அதில்தான் சிக்கல் வருகிறது. திருத்தம் வந்தது பிஎச்பி 8.1, 8.2, 8.3 பதிப்புகளுக்கு மட்டும். கணக்கு மென்பொருள் ஓடுவதோ 7.4இல், அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. 8க்கு உயர்த்தினால் மென்பொருள் ஓடுமா என்று எழுதியவருக்கே தெரியாது. போடுவதற்குப் பட்ச் இல்லாத இடத்தில் பட்ச் வரிசையைப் பற்றி என்ன பேசுவது?

பேசலாம். `C:\xampp\apache\conf\extra\httpd-xampp.conf` கோப்பைத் திறந்து, இந்த வரியின் முன்னால் ஒரு `#` போட்டு அப்பாச்சியை மீள ஆரம்பிக்கலாம்:

```
# ScriptAlias /php-cgi/ "C:/xampp/php/"
```

ஸாம்ப் இயல்பாகத் திறந்து வைத்த வழி அதோடு மூடும். கணக்கு மென்பொருள் பெரும்பாலும் இந்த வழியைப் பயன்படுத்தாது, ஆனாலும் மூடிய பிறகு ஒரு பற்றுச்சீட்டு அச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆதரவு முடிந்த மென்பொருள் என்ன செய்யும் என்பதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகிற்கணினிச் சேவை கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டு, gov.lk மின்னஞ்சல்களில் மே நடுப்பகுதியில் இருந்து ஓகஸ்ட் இறுதி வரையிலான தரவு இல்லாமல் போனது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. தரமுயர்த்த நினைத்தும் நிதி இல்லாமல் தள்ளிப்போனது என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். காலாவதியான மென்பொருள் ஒன்றில் இனி வரப்போகும் ஓட்டைகளுக்கு மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அது ஒன்றுதான், உங்களிடம் போடுவதற்கு ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது 8.1. ரெக்ரெஷன் 2024 யூலை 1 அன்று வெளியானபோது பெரிய பரபரப்பு. உலகம் முழுக்க இணையத்தை நோக்கித் திறந்து இருக்கிற ஒரு மென்பொருளில், கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் என்ற முழு அதிகாரம் எடுக்கலாம் என்றால் வேறு எப்படி இருக்கும். ஆனால் அந்த AC:Hக்குப் பின்னால் இருப்பதை, ஓட்டையைக் கண்டுபிடித்த குவாலிஸ் ஆய்வாளர்களே விவரமாக எழுதியிருந்தார்கள்: இது இரண்டு நிகழ்வுகள் சரியான கணத்தில் மோத வேண்டிய ஓட்டை, சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி தேவை, 32 பிட் அமைப்பில் ரூட் கிடைக்க ஆறு முதல் எட்டு மணி நேரம். 64 பிட்டில் அவர்கள் செய்து காட்டவில்லை. எங்கள் வாடகைச் சேர்வர் 64 பிட். அவ்வளவு முயற்சியும் பதிவுக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகளாகத் தெரியும், திரும்பத் திரும்ப முயல்பவரைத் தடுக்கிற fail2ban மாதிரி ஏதாவது ஓடினால் நடுவிலேயே அடைத்தும் விடலாம்.

அதை விட முக்கியமானது, இந்தப் பட்ச் ஏற்கெனவே போடப்பட்டிருக்கலாம். உபுண்டு சேர்வரில் பாதுகாப்புத் திருத்தங்கள் இயல்பாகவே தானாக இறங்கும், யாரும் அதை நிறுத்தி வைக்காவிட்டால். ஆனால் ஸ்கேனர் இன்னும் சிவப்பு காட்டும். ஏன் என்றால், உபுண்டு 22.04 தன்னுடைய ஓப்பன்எஸ்எஸ்எச் பதிப்பை 8.9இல் இருந்து உயர்த்துவதில்லை. திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, வால் எண்ணை மாற்றும். வெளியில் இருந்து 8.9p1 என்பதை மட்டும் பார்க்கிற ஸ்கேனர், 8.5 முதல் 9.7 வரை எல்லாம் ஓட்டை என்ற பட்டியலோடு ஒப்பிட்டுப் பயமுறுத்தும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்:

```
dpkg -l openssh-server | grep ^ii
```

`1:8.9p1-3ubuntu0.10` அல்லது அதற்குப் பிந்தியது என்றால் முடிந்தது. அதை விடப் பழையது என்றால் மட்டும் `apt` கட்டளையை ஓடவிடுங்கள். இந்த வரியைச் சரிபார்க்காமல், அறிக்கையில் சிவப்பைக் கண்டதும் ஓப்பன்எஸ்எஸ்எச்சை மூலநிரலில் இருந்து தானே கட்டிப் போட்டவர்கள் உண்டு, அதற்குப் பிறகு அந்த ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு உபுண்டுவின் தானியங்கித் திருத்தம் எதுவும் சேராது. ஒரு சிவப்பை அழிக்கப்போய் அதற்கு இனி வரும் எல்லாத் திருத்தத்தையும் இழந்துவிடுவது. பட்ச் போட முடியாதவர்களுக்கு `LoginGraceTime 0` என்று ஒரு மாற்று வழியும் சொன்னார்கள், ஆனால் அப்படி வைத்தால் யாராவது இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்து உங்களை உள்ளே வரவிடாமல் செய்யலாம். இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

இவ்வளவுக்கும் மதிப்பெண் சரியாகப் போடப்பட்டது என்று வைத்துக்கொண்டுதான் பேசினேன். அதுவும் எப்போதும் உண்மையில்லை. இணையத்தில் இருந்து தரவை எடுக்கப் பயன்படும் கேர்ல் கருவியில் CVE-2020-19909 என்று ஒன்று. மறுமுயற்சிக்கு இடையில் எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று பயனரே கொடுக்கிற ஒரு எண், அதை அளவுக்கு மீறிப் பெரிதாகக் கொடுத்தால் காத்திருக்கும் நேரம் பிழையாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். 2019இலேயே திருத்தியாகிவிட்டது. 2023இல் இதற்கு ஒரு சிவிஈ எண் கிடைத்து, ஓட்டைகளைப் பதிந்து வைக்கும் அமெரிக்கத் தேசியத் தரவுத்தளம் விவரத்தில் இருந்த ஒரு வரியைப் பார்த்து 9.8 போட்டுவிட்டது. கேர்லை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் பொதுவெளியில் சண்டை பிடித்த பிறகு 3.3 ஆனது. இடைப்பட்ட நாட்களில் ஸ்கேனர் அறிக்கையில் அது பிஎச்பி ஓட்டையோடு சரிசமமாக நின்றிருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

அப்போது எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் திறப்பது கேஈவி பட்டியலை. அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சீசா 2021 நவம்பரில் தொடங்கியது. ஒரு ஓட்டையை உண்மையில் யாரோ பயன்படுத்தித் தாக்கியதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் அதில் சேர்ப்பார்கள். எங்கள் மூன்றையும் தேடினால், வின்ரார் 2023 ஓகஸ்டிலேயே உள்ளே, பிஎச்பி 2024 யூன் 12இல் உள்ளே, ரெக்ரெஷன் இல்லை. இந்த ஒரு தேடலிலேயே 8.1ஐயும் 7.8ஐயும் இடம் மாற்றலாம். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்க அரச அலுவலகங்கள் முடிக்க வேண்டிய ஒரு கடைசித் தேதி இருக்கும், பொதுவாக மூன்று வாரம். எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் முதலாளியிடம் காட்ட நல்ல தாள்.

இரண்டாவது ஈபிஎஸ்எஸ். அதே ஃபர்ஸ்ட் அமைப்புதான் வெளியிடுகிறது. அடுத்த முப்பது நாளுக்குள் இந்த ஓட்டையைப் பயன்படுத்தி உலகில் எங்காவது தாக்குதல் நடக்கும் நிகழ்தகவு எவ்வளவு என்று தினமும் கணக்குப் போட்டு 0 முதல் 1 வரை ஒரு எண். இலவசம், ஒரு கட்டளையில் எடுக்கலாம்:

```
curl -s "https://api.first.org/data/v1/epss?cve=CVE-2024-4577"
```

"உலகில் எங்காவது" என்பதைக் கவனியுங்கள். உங்கள் அலுவலகத்தில் நடக்கும் நிகழ்தகவு அல்ல. பிஎச்பி ஓட்டைக்கு இந்த எண் 0.9ஐத் தாண்டிப் போனது, ஆனால் போர்ட் மூடிய, ஆங்கில அமைப்பில் ஓடுகிற இயந்திரத்துக்கு அந்த 0.9 பொருந்தாது. மற்றப் பக்கமும் உண்டு: நேற்று வெளியான ஓட்டைக்கு ஈபிஎஸ்எஸ் மிகச் சின்னதாகத்தான் காட்டும், அதைக் கணிக்க இன்னும் தரவு சேரவில்லை என்பதால். பிஎச்பி ஓட்டையில் தாக்குதல் தொடங்க இரண்டு நாள்தான் எடுத்தது, கேஈவி பட்டியலுக்கு வர ஆறு நாள். இணையத்தை நோக்கித் திறந்த ஒரு இயந்திரத்தில் கடவுச்சொல் இல்லாமல் நுழைகிற ஓட்டை என்றால், எந்தப் பட்டியலுக்கும் காத்திருக்காமல் அன்றே பார்க்க வேண்டும். AV:N, PR:N, UI:N மூன்றும் சேர்ந்து வந்தால் மதிப்பெண்ணை விட அந்தச் சேர்க்கையைத்தான் நான் பார்ப்பேன், பார்த்தவுடன் ரவுட்டரின் போர்ட் பக்கத்தைத் திறப்பேன்.

ஆக அந்த இரவின் இரண்டு மணி நேரம் எப்படிப் போகும். முதல் பத்து நிமிடத்தில் ரவுட்டர் போர்ட், அந்த `#`, பற்றுச்சீட்டுச் சோதனை. அடுத்து உபுண்டு சேர்வரில் ஒரு வரி ஓடவிட்டுப் பதிப்பைப் பார்ப்பது, பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மிச்ச நேரம் முழுவதும் வின்ராருக்கு. பதினான்கு கணினிக்கும் போய்ப் புதியதைப் போடுவது, அல்லது சிப் மட்டுமே திறக்கிறவர்களின் கணினியில் இருந்து வின்ராரை எடுத்தே விடுவது, விண்டோஸே சிப்பைத் திறக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், இல்லாத மென்பொருளுக்குப் பட்ச் தேவையில்லை. கணக்குப் பிரிவில் இருந்து தொடங்க வேண்டும், வெளியாட்களிடம் இருந்து கோப்பு வாங்குகிற கணினி அங்கேதான். களஞ்சிய அறைக் கணினிக்கு நாளைக்கும் போகலாம். மின்சாரம் போனாலும் அதுவரைக்கும் செய்த கணினிகள் முடிந்தவைதான், சேர்வரைப் பாதியில் தரமுயர்த்தும்போது போனால் வருகிற கதை இதில் வராது.

விண்டோஸின் மாதாந்தத் திருத்தங்களுக்கு வேறு கணக்கு. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வரும், எங்கள் நேரத்துக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு, ஆகவே எங்களுக்கு அது புதன்கிழமைக் காலைப் பிரச்சினை. ஊழியர்களின் கணினிகளில் இரண்டு கணினிக்கு முதலில் விட்டு, அச்சுப்பொறியும் கணக்கு மென்பொருளும் வேலை செய்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு விடுவது போதும். ஒரு திருத்தம் அச்சுப்பொறியை நிறுத்திவிட்டால் மாதக் கடைசியில் அலுவலகம் முழுவதும் உங்கள் பெயரைத்தான் சொல்லும், அடுத்த மாதம் பட்ச் போட அனுமதி கேட்கும்போது அதையும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் இந்த வரிசை எதிலும் வராது. அந்த உள்ளூர்க் கணக்கு மென்பொருள். அதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று யாரும் தேடியதில்லை, யாரும் சிவிஈ எண் எடுக்கப்போவதில்லை, சிவிஎஸ்எஸ்ஸும் இல்லை, கேஈவியிலும் வராது. ஸ்கேனர் அதைத் தாண்டிப் பச்சையாகப் போய்விடும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது போர்ட்டை மூடி வைத்திருப்பதுதான். எழுதியவர் அடுத்த முறை "தொலைவில இருந்து பார்க்க வேணும் அண்ணை, போர்ட்டைத் திறந்து விடுங்கோ" என்று கேட்டால், அவர் தன் பக்கத்தில் இருந்து விபிஎன் வழியாக வரட்டும், அல்லது வேலை நடக்கிற அரை மணி நேரத்துக்கு மட்டும் நீங்களே பக்கத்தில் இருந்து திரையைப் பகிருங்கள்.